ஃப்ளேக் ஐஸ், கோல்டு ரூம், மீன் கடை: எதைப் போடுவது?

கேள்வி: ஐயா, காசிமேட்டில் அப்பா காலத்திலிருந்து பெரிய கட்டிகளாக உறையும் பார் ஐஸ் ஆலை நடத்துகிறோம். இப்போது வீட்டில் மூன்று யோசனை. மெல்லிய சீவல்களாக ஐஸ் தரும் ஃப்ளேக் ஐஸ் மெஷின்: 30 லட்சம் செலவு, ஆண்டுக்கு 9 லட்சம் நிற்கும். ஐஸ் போட்ட மீனை வைக்க கோல்டு ரூம்: 25 லட்சம், ஏல வியாபாரிகள் தரும் வாடகையில் ஆண்டுக்கு 4 லட்சம். பெரம்பூரில் ஒரு மீன் கடை: 8 லட்சம், ஆண்டுக்கு 2 லட்சம். ஆடிட்டர் 8 ஆண்டு, 12 சதவீதம் வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து, ஃப்ளேக் ஐஸில் 14.7 லட்சம் லாபம், கோல்டு ரூமில் 5.1 லட்சம் நஷ்டம், கடையில் 1.9 லட்சம் லாபம் என்கிறார். அண்ணன் ஃப்ளேக் மட்டும் போதும் என்கிறார். வீட்டுக்காரர் கடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கோல்டு ரூமை இருவருமே கைவிட்டுவிட்டார்கள். ஃப்ளேக்கும் கோல்டு ரூமும் சேர்ந்தால் இப்போதுள்ள மின் இணைப்பு தாங்காது, அதற்குத் தனியாக 6 லட்சம் ஆகும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். எதை எடுப்பது? கணக்குத் தாள்களை இணைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, காசிமேடு

அன்புள்ள சகோதரிக்கு,

தாள்களை முழுக்கப் பார்த்தேன். ஆடிட்டர் கூட்டல் கழித்தலில் தவறவில்லை. அவர் போட்ட மூன்று கணக்கும் அதனதன் அளவில் சரி. ஆனால் இந்த மூன்றும் ஒன்றையொன்று தொடாத தொழில்கள் அல்ல. ஒன்று வந்தால் இன்னொன்றின் வரவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது. அப்படி இருக்கும்போது தனித்தனியாகப் போட்ட மூன்று விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பெரியதை எடுப்பது தவறான முடிவில் கொண்டுபோய் விடும். உங்கள் விஷயத்தில் அப்படித்தான் ஆகியிருக்கிறது. என் கணக்கில் முதலிடம் பிடிப்பது, எல்லோரும் கைவிட்ட கோல்டு ரூமும் கடையும் சேர்ந்த ஜோடி. ஃப்ளேக் மெஷின் இப்போதைக்குப் பின்னால் போகிறது. எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஃப்ளேக் ஐஸிலிருந்தே தொடங்குவோம். இருப்பதிலேயே பெரிய எண் அதுதான், பெரிய ஓட்டையும் அதில்தான். ஆண்டுக்கு 1,000 டன் விற்கும், ஒரு டன்னுக்கு மின்சாரம், தண்ணீர், இறக்குகூலி போக 900 ரூபாய் நிற்கும், ஆக 9 லட்சம் என்று தாளில் இருக்கிறது. அதே தாளின் அடியில் உங்கள் கையெழுத்தில் ஒரு வரி: "இதில் 500 டன் நம்ம பழைய படகுகள்." அந்த ஒரு வரிதான் கணக்கையே மாற்றுகிறது. அந்த 500 டன்னை எடுக்கப்போகிறவர்கள் இன்றைக்கும் உங்களிடம்தான் பார் ஐஸ் வாங்கி உடைத்துக்கொண்டு போகிறார்கள். நாளைக்கு அவர்கள் ஃப்ளேக்குக்கு மாறினால், பார் ஐஸில் அவர்களிடம் நிற்கும் பணம் நின்றுபோகும். ஒரு கல்லாவில் வருவது இன்னொரு கல்லாவிலிருந்து போகிறது.

பார் ஐஸில் ஒரு டன்னுக்கு 800 ரூபாய் நிற்கிறது என்று உங்கள் கணக்குப்பிள்ளை எழுதியிருக்கிறார். 500 டன்னுக்கு 4 லட்சம். இதைக் கழித்தால் ஃப்ளேக் மெஷின் வீட்டுக்கு உண்மையில் புதிதாகக் கொண்டுவருவது 5 லட்சம்தான். பின்னால் வரும் ரூபாய் இன்றைய ரூபாய்க்குச் சமமில்லை, அதனால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியைக் கழித்துப் பார்க்கிறோம்; அப்படி 8 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒரு ரூபாய் வந்தால் அதன் இன்றைய மதிப்பு 4.97 ரூபாய். ஆகவே 5 லட்சத்தின் மதிப்பு 24.8 லட்சம். மெஷினுக்குக் கொடுப்பதோ 30 லட்சம். லாபம் 14.7 என்றது 5.2 லட்சம் நஷ்டமாகிவிட்டது.

இதோடு நின்றுவிட்டால் அதுவும் தவறு. உங்கள் கடிதத்தில் இல்லாமல் தொலைபேசியில் சொன்ன ஒன்று இங்கே வருகிறது: பக்கத்துத் தெருவில் இன்னொருவர் ஃப்ளேக் மெஷின் போடப்போவதாகப் பேச்சு. அவர் போட்டால், நீங்கள் போடாவிட்டாலும் உங்கள் படகுகளில் ஒரு பகுதி அங்கே போய்விடும். எப்படியும் போகப்போகிற வியாபாரத்தை உங்கள் மெஷின் தின்றதாக எழுதக் கூடாது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். மெஷின் வருவதற்கு முன்பு எவ்வளவு, வந்த பிறகு எவ்வளவு என்று பார்ப்பார்கள். அது சரியான ஒப்பீடு இல்லை. மெஷின் போட்டால் வரும் காலம் எப்படி இருக்கும், போடாவிட்டால் வரும் காலம் எப்படி இருக்கும் என்று இரண்டு எதிர்காலங்களை வைத்துப் பார்க்க வேண்டும். இன்று 500 டன் கையில் இருப்பதால், போடாவிட்டாலும் 500 டன் கையிலேயே இருக்கும் என்று ஆகிவிடாது. 200 டன் எப்படியும் கைவிட்டுப் போகும் என்று நீங்கள் மதிப்பிட்டீர்கள். அப்படியானால் ஃப்ளேக் மெஷினால் இழப்பது மீதி 300 டன்தான், 2.4 லட்சம். 9-இல் அதைக் கழித்தால் 6.6 லட்சம். இன்றைய மதிப்பு 32.8. மெஷின் விலை போக மிச்சம் 2.8 லட்சம். லாபம்தான், ஆனால் அண்ணன் நினைக்கும் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக் கடை வைத்திருந்த ஒருவர் நான்கு தெரு தள்ளி இரண்டாவது கடை திறந்தபோது நான்தான் அவருக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். புதுக் கடையின் ஏடு முதல் ஆண்டிலேயே அழகாக இருந்தது. தீபாவளிக்கு நல்ல கூட்டம். பழைய கடை மெல்ல இறங்கியதை இரண்டு ஆண்டுகள் "சந்தை மந்தம்" என்றே எழுதினோம். சந்தை மந்தமாக இல்லை. அதே வாடிக்கையாளர்கள் இன்னொரு வாசலில் நுழைந்துகொண்டிருந்தார்கள். இரண்டு வாடகை, இரண்டு மின்கட்டணம், இரண்டு இடத்தில் சரக்கு முடக்கம், மொத்த விற்பனை மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. இரண்டு ஏட்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க எனக்கு அவ்வளவு காலம் ஆனது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் உங்கள் தாளின் அடியில் இருந்த அந்த ஒரு வரியில் என் கண் போய் நின்றது.

அந்த 800 ரூபாயையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பார் ஐஸ் விற்பனை குறைந்தால் உங்களுக்குக் குறையும் செலவை மட்டும்தான் விற்பனை விலையிலிருந்து கழிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் டேங்கைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி, ஐஸ் உறையும் கேன்களில் பாதி காலியாக இருந்தாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். டேங்கின் சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பம், எத்தனை கேன் நிரப்பினீர்கள் என்று கேட்பதில்லை. ஆபரேட்டர் சம்பளமும் அப்படித்தான். மொத்த மின்கட்டணத்தை மொத்த டன்னால் வகுத்து அந்தச் சராசரியைக் கழித்திருந்தால், ஒரு டன் போவதால் உண்மையில் இழப்பது 800-ஐவிட அதிகமாக இருக்கும். ஃப்ளேக்கின் லாபம் இன்னும் சுருங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் உங்கள் உற்பத்தி இறங்குகிறது அல்லவா? அந்த மாதங்களின் மின்கட்டண ரசீதையும் ஜனவரி, பிப்ரவரி ரசீதையும் பக்கத்தில் வையுங்கள். டன் பாதியாகும்போது யூனிட் எவ்வளவு குறைகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். வெயில் மாதம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும், அதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

சரி, கோல்டு ரூமுக்கு வருவோம். வாடகை மட்டும் வைத்தால் 4 லட்சம், இன்றைய மதிப்பு 19.9, செலவு 25. நஷ்டம் 5.1. ஆடிட்டர் சொன்னது சரி. கடை தனியாக 1.9 லாபம். அதுவும் சரி. இரண்டையும் கூட்டினால் 3.2 லட்சம் நஷ்டம் என்று வரும். இங்கேதான் கூட்டல் பொய் சொல்கிறது.

கோல்டு ரூம் இல்லாத மீன் கடை எப்படி ஓடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை ஏலத்தில் எடுத்ததை அன்றே தள்ளியாக வேண்டும். மதியத்துக்கு மேல் மிஞ்சிய சங்கராவையும் கானாங்கெளுத்தியையும் வந்த விலைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 10 கிலோ மிஞ்சும், கிலோவுக்கு 80 ரூபாய் நட்டம், கடை திறக்கும் 300 நாளுக்கு 2.4 லட்சம் என்று உங்கள் வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார். இந்த நட்டத்தைக் கழித்துத்தான் கடையின் 2 லட்சம் வருகிறது. கோல்டு ரூம் இருந்தால் இதில் முக்கால் பங்கு, 1.8 லட்சம், தப்பிக்கும்.

அடுத்தது வாங்கும் விலை. ஞாயிற்றுக்கிழமை ஊரே மீன் வாங்கும், அன்றைக்கு ஏல விலையும் ஏறி நிற்கும். வியாழன், வெள்ளியில் கூட்டம் இருக்காது. இரண்டு மூன்று நாள் வைக்க இடம் இருந்தால் விலை இறங்கிய அன்று வாங்கி ஞாயிறு விற்கலாம். ஆண்டுக்கு 6,800 கிலோவை அப்படி வாங்க முடியும், கிலோவுக்குச் சராசரி 25 ரூபாய் மலிவு என்று வைத்தால் 1.7 லட்சம். இரண்டும் சேர்த்து 3.5 லட்சம். இந்தப் பணம் கோல்டு ரூம் தாளிலும் இல்லை, கடைத் தாளிலும் இல்லை. இரண்டும் சேர்ந்து இருந்தால் மட்டுமே பிறக்கும்.

எதிர்ப்பக்கத்தையும் எழுதிவிடுவோம். உங்கள் மீன் கோல்டு ரூமில் இடம் பிடிக்கும். அந்த இடத்தை வியாபாரிகளுக்கு வாடகைக்கு விட முடியாது. அதற்கு ஆண்டுக்கு 1 லட்சம் கழித்தேன். நம்ம ரூம்தானே, நமக்கென்ன வாடகை என்று விட்டுவிடாதீர்கள். விட்டுக்கொடுத்த வாடகையும் செலவுதான்.

இப்போது ஜோடியின் கணக்கு: வாடகை 4, கடை 2, சேர்வதால் வருவது 3.5, இழந்த வாடகை 1. ஆண்டுக்கு 8.5 லட்சம். இன்றைய மதிப்பு 42.2. செலவு 33. மிச்சம் 9.2 லட்சம். தனித்தனியே கூட்டினால் 3.2 நஷ்டம், சேர்த்துப் பார்த்தால் 9.2 லாபம். நடுவில் இருக்கும் 12.4 லட்சம், இரண்டும் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்வது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இனி உங்கள் வீட்டில் ஒருவர் கோல்டு ரூமுக்கும் இன்னொருவர் கடைக்கும் வாதாடத் தொடங்கினால் இந்த 3.5 லட்சத்தை இருவருமே தங்கள் பக்கம் எழுதிக்கொள்வார்கள். கோல்டு ரூம் வேண்டும் என்பவர் "கடைக்கு 3.5 மிச்சம்" என்பார், கடை வேண்டும் என்பவரும் "கோல்டு ரூமால் எனக்கு 3.5 மிச்சம்" என்பார். பிறகு இரண்டு தாளையும் கூட்டினால் 7 லட்சம் ஆகிவிடும். பெரிய கம்பெனிகளிலேயே இரண்டு டிபார்ட்மென்ட்டுகள் இப்படி ஒரே லாபத்தை இரண்டு முறை காட்டி ஒப்புதல் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். சேர்ந்து பிறக்கும் பணத்தை எந்தத் தனித் தாளிலும் எழுதாமல், ஜோடித் தாளில் ஒரே ஒரு முறை எழுதுங்கள். அதில் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கவும் வேண்டாம். முடிவெடுக்க அந்தப் பிரிவினை எதற்கும் உதவாது.

மூன்று யோசனை இருந்தால் போடலாம், விடலாம் என்ற வகையில் மொத்தம் எட்டுச் சேர்க்கைகள்தான். ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் அதில் ஒன்று. அந்த எட்டையும் ஒன்றுக்கொன்று போட்டியான எட்டுத் திட்டங்களாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் முழுக் கணக்குப் போட்டு, பெரிய மிச்சம் உள்ளதை எடுக்க வேண்டும். உங்களுக்கு வரும் விடை, லட்சத்தில்:

எதுவும் இல்லை: 0
ஃப்ளேக் மட்டும்: 2.8
கோல்டு ரூம் மட்டும்: –5.1
கடை மட்டும்: 1.9
ஃப்ளேக்கும் கடையும்: 4.7
ஃப்ளேக்கும் கோல்டு ரூமும்: –8.3
கோல்டு ரூமும் கடையும்: 9.2
மூன்றும்: 6.0

ஃப்ளேக்கும் கடையும் ஒன்றையொன்று பெரிதாகத் தொடவில்லை. கடைக்கு வேண்டிய ஐஸ் எப்படியும் உங்கள் ஆலையிலிருந்தே வரும். அதனால் அங்கே வெறும் கூட்டல் போதும். ஃப்ளேக்கும் கோல்டு ரூமும் மோதிக்கொள்வது மின் இணைப்பில். ஏதாவது ஒன்று மட்டும் வந்தால் இப்போதுள்ள லோடு தாங்குகிறது, இரண்டும் வந்தால் 6 லட்சம். இந்த 6 லட்சத்தை எந்தத் தனித் தாளிலும் எழுத முடியாது. இரண்டு தாளிலும் எழுதினால் 12 லட்சமாகிவிடும், ஒன்றிலும் எழுதாவிட்டால் காணாமல் போய்விடும். ஆடிட்டர் தாள்களில் காணாமல்தான் போயிருந்தது. அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மேல் குறையில்லை.

பட்டியலில் கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். ஃப்ளேக் தனியாக லாபம் தரும் திட்டம். இருந்தும், கோல்டு ரூமும் கடையும் உள்ள வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தால் மொத்தம் 9.2-இலிருந்து 6.0-க்கு இறங்குகிறது. 2.8 கொண்டுவந்து 6 செலவு வைக்கிறது. "லாபம் வருகிற எல்லாவற்றையும் போட்டுவிடுவோம்" என்று அண்ணன் சொன்னால் இந்த வரியைக் காட்டுங்கள்.

ஆனால் அண்ணன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. எல்லாமே அந்த 500 டன்னில் எவ்வளவு எப்படியும் போகும் என்பதில் தொங்குகிறது. நான் 200 என்று வைத்தேன். பக்கத்துத் தெரு மெஷின் உறுதியாக வந்து, 500-ம் போய்விடும் நிலை என்றால், உங்கள் ஃப்ளேக் மெஷின் எதையும் தின்னவில்லை என்று ஆகும். அதன் மதிப்பு ஆடிட்டர் சொன்ன அதே 14.7-க்குத் திரும்பிவிடும். மின் இணைப்புச் செலவு 6 போக 8.7 கூடும். அப்போது மூன்றையும் போடுவதுதான் சிறந்தது, மொத்தம் 17.9. இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் எங்கே தட்டு திரும்புகிறது என்று பார்த்தேன். 500-இல் சுமார் 280 டன்னுக்கு மேல் எப்படியும் போய்விடும் என்றால் ஃப்ளேக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே என்றால் வேண்டாம். ஆக நீங்களும் அண்ணனும் வாதம் செய்ய வேண்டியது ஃப்ளேக் நல்லதா கெட்டதா என்பதைப் பற்றி இல்லை, இந்த 280-ஐப் பற்றி.

அதை உட்கார்ந்த இடத்தில் தெரிந்துகொள்ள முடியாது. உங்கள் கடன் நோட்டை எடுத்து, படகு வாரியாகப் பிரியுங்கள். பல நாள் கடலில் தங்கும் விசைப்படகுகளுக்கு ஐஸ் மெதுவாகக் கரைய வேண்டும். அவர்கள் பார் ஐஸை அவ்வளவு எளிதில் விடமாட்டார்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் ஃபைபர் படகுக்காரர்கள், ஏற்றுமதிக்கு மீன் தரம் பிரிக்கிறவர்கள், இவர்கள்தான் மாறக்கூடியவர்கள். ஃப்ளேக் மீனைச் சட்டென்று குளிர வைக்கும், உடைத்த ஐஸின் முனைபோல் தோலைக் கிழிக்காது. இவர்களில் எத்தனை பேர் இப்போதே வேறு இடத்தில் ஃப்ளேக் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள், எத்தனை பேர் உங்களிடம் முன்பணமோ பழைய பாக்கியோ வைத்திருப்பதால் நகர மாட்டார்கள் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். முப்பது நாற்பது பெயர்தான் இருக்கும், ஒரு வார வேலை.

கோல்டு ரூம், கடை ஜோடியிலும் நான் கண்ணை மூடிக்கொண்டு 9.2 என்று சொல்லிவிடவில்லை. அது நிற்பது அந்த 3.5 லட்சத்தின் மேல். கோல்டு ரூமுக்குப் போடும் 25 லட்சம் தேற வேண்டுமானால் ஆண்டுக்கு 5 லட்சத்துக்குச் சற்று மேல் வர வேண்டும். நமக்கு ஒதுக்கிய இடம் போக வாடகை 3 லட்சம் தருகிறது. மீதி 2 லட்சம் கடைக்குக் கிடைக்கும் மிச்சத்திலிருந்து வந்தாக வேண்டும். ஆக 3.5 என்று நினைத்தது 2-க்கு இறங்கும் வரை தாங்கும், அதற்குக் கீழே போனால் கடை மட்டும் இருந்திருக்கலாமே என்றாகிவிடும். கடையை இரண்டு ஆண்டில் மூடவேண்டி வந்தால் இன்னும் மோசம். கோல்டு ரூம் தனியாக நின்று நஷ்டம் தரும் பழைய நிலைக்குத் திரும்பும். லாபம் சேர்ந்து வருவதைப் போல ஆபத்தும் சேர்ந்தே வருகிறது.

தடைக்காலத்தைக் காட்டி யாராவது 3.5-ஐப் பெரிதாக்கினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் விலைப்பட்டியலில் இருப்பது ஐஸ் போட்ட மீனைப் பூஜ்ஜியம் டிகிரி பக்கத்தில் வைக்கும் அறை. அதில் மீன் சில நாள் நிற்கும், இரண்டு மாதம் நிற்காது. தடைக்காலத்துக்கு இருப்பு வைக்க மைனஸ் 18 டிகிரியில் வைக்கும் அறையும், அதற்கு முன்னால் மீனை வேகமாக உறையவைக்கும் பிளாஸ்ட் ஃப்ரீசரும் வேண்டும். வெறும் குளிர் அறையில் மெதுவாக உறைந்த மீனைக் கரைத்தால் தண்ணீர் விட்டுத் தளர்ந்துபோகும், பெரம்பூர் அக்கா ஒருமுறை வாங்கினால் மறுமுறை வரமாட்டார். அது வேறு திட்டம், வேறு விலை.

அதனால் என் யோசனை, கடையை முதலில் திறப்பது. அது தனியாகவே 1.9 லட்சம் தருகிறது, அதில் இழப்பதற்கு அதிகமில்லை. கோல்டு ரூமை ஓராண்டு தள்ளிப் போடுங்கள். அந்த ஓராண்டுக்கு வேறொருவர் கோல்டு ரூமில் நாள் வாடகைக்குச் சில பெட்டி இடம் பிடித்து, நீங்கள் நினைத்தபடியே மிஞ்சியதை வைத்தும் மலிவான நாளில் வாங்கியும் நடத்திப் பாருங்கள். தள்ளிப் போடுவது இலவசம் இல்லை. கடையோடு கோல்டு ரூமைச் சேர்ப்பதால் வரும் கூடுதல் மதிப்பு 7.3 லட்சம். ஓராண்டு கழித்து வந்தால் அது இன்றைக்கு 6.5-க்குச் சமம். நீங்கள் கொடுக்கும் விலை சுமார் 80,000 ரூபாய், பெட்டி வாடகை தனி. 25 லட்சத்தை இறக்குவதற்கு முன் அந்த 3.5 உண்மையா என்று தெரிந்துகொள்ள இது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஓராண்டுக்குள் பக்கத்துத் தெரு மெஷின் வந்ததா இல்லையா என்பதும் தெரிந்துவிடும். ஒருவேளை வந்துவிட்டால், ஃப்ளேக்கையும் கோல்டு ரூமையும் சேர்த்து ஒரே முறையில் மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

பேங்குக்குப் போகும்போது கோல்டு ரூமுக்கு ஒரு ரிப்போர்ட், கடைக்கு ஒரு ரிப்போர்ட் என்று கொடுக்காதீர்கள். தனியாகப் பார்த்தால் கோல்டு ரூம் ரிப்போர்ட் முதல் மேசையிலேயே நின்றுவிடும். இரண்டையும் ஒரே திட்டமாக, சேர்வதால் வரும் மிச்சத்தைத் தனி வரியில் காட்டி, ஓராண்டு நடத்திய கணக்கை ஆதாரமாக வைத்துக் கொடுங்கள். இந்தக் கணக்கில் வருமான வரியை நான் சேர்க்கவில்லை. தேய்மானம் கையிலிருந்து போகும் பணம் இல்லை என்பதால் அதையும் கழிக்கவில்லை. வரிக்குப் பிந்தைய எண்களை உங்கள் ஆடிட்டரே அந்த எட்டு வரிகளுக்கும் போட்டுத் தரட்டும். மேலே கொடுத்திருக்கும் விவரம் கையில் இருந்தால் அவருக்கு அரை நாள் வேலை.

கடையை ஆகஸ்டில் திறக்க முடிந்தால் நல்லது. செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்துவிடும், பாதிப் பேர் மீன் வாங்கமாட்டார்கள், மிஞ்சுவது எவ்வளவு என்பது அப்போது தெரியும். அடுத்த ஜூன் நடுப்பகுதிவரை ஓட்டினால் தடைக்காலமும் உள்ளே வந்துவிடும். தினமும் ஒரு நோட்டில் நான்கே எண்கள் எழுதச் சொல்லுங்கள்: மிஞ்சிய கிலோ, அதில் வைத்துக் காப்பாற்றியது, முன்கூட்டி வாங்கிய கிலோ, வாங்கிய அன்றைக்கும் விற்ற அன்றைக்கும் இருந்த ஏல விலை வித்தியாசம். ஜூன் கடைசியில் அந்த நோட்டை எனக்கு அனுப்புங்கள். 2 லட்சத்துக்கு மேல் நிற்கிறதா என்று சேர்ந்து பார்த்துவிடுவோம்.